முதியோருக்கு வீட்டிலேயே ஆபத்து: மருத்துவப் பதிவும் காவல்துறைப் பாதுகாப்பும்

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ எண்பது வயதான முதியவர் ஒருவர், தம் குடும்பத்தார் தமக்குத் தலைக்கூத்தல் செய்யத் திட்டமிடுவதைக் கேட்டுவிட்டார். உடனே வீட்டை விட்டுத் தப்பி, உறவினர் ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். மதுரைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் தலைக்கூத்தல் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. படுக்கையில் விழுந்த முதியவருக்குக் குளிர்ச்சி என்ற பெயரில் சிலவற்றைச் செய்து, சில நாட்களில் உயிர் பிரியச் செய்யும் வழக்கம் அது. வெளியே பார்ப்போருக்கு இயற்கை மரணமாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் அது கொலையே. அந்த முதியவர் தப்பிய செய்தி வெளிவந்த பிறகுதான் மாவட்ட நிர்வாகமும் நாளேடுகளும் அவ்வழக்கத்தைத் தீவிரமாக விசாரிக்கத் தொடங்கின.

அந்த முதியவருக்குத் தெரிந்திருந்த ஒரே புகலிடம் உறவினர் வீடு. காவல் நிலையத்திற்குப் போகலாம், கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்பதெல்லாம் அவரைப் போன்ற பலருக்கு இன்றும் தெரியாது. தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள். கொடுமை அந்த எல்லைக்குச் செல்லும் முன்பே, சோறும் மருந்தும் குறையத் தொடங்கும் நிலையிலேயே செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றுள் மருத்துவர் செய்வது எது, காவல்துறை செய்வது எது, வருவாய்க் கோட்டாட்சியர் செய்வது எது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

உடலில் எழுதப்படும் சாட்சி

புறக்கணிக்கப்படும் முதியவர் பெரும்பாலும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் அவர் உடல் சிலவற்றைச் சொல்லிவிடுகிறது. நாங்கள் முதலில் பார்ப்பது நாக்கும் தோலும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லாத ஒருவருக்கு நாக்கு வறண்டு, இரத்தத்தில் உப்பின் அளவு மிகவும் உயர்ந்திருந்தால், பல நாட்களாகத் தண்ணீர் போதுமான அளவு உள்ளே போகவில்லை என்று பொருள். எழுந்து நடக்க இயலாதவருக்குக் குவளையை எட்டிக் கொடுக்க ஆள் இல்லாதபோது இவ்வாறு நேர்கிறது.

அடுத்தது படுக்கைப்புண். இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் ஒரே இடத்தில் அழுத்தம் நீடிப்பதால் அது உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் பெருமளவு தடுக்கலாம். மாத்திரைகளும் செய்தி சொல்லும். முப்பது நாளுக்கு எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை இரண்டு மாதம் கழித்தும் பாதி மீதமிருந்தால் அது கொடுக்கப்படவில்லை. பகலெல்லாம் மயக்கமாகவே இருப்பவருக்கு, யாரும் எழுதித் தராத தூக்க மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்றும் நாங்கள் பார்க்க வேண்டியுள்ளது. மேற்கையின் உட்புறத்தில் விரல் பதிந்தாற்போன்ற கன்றல், இரு மணிக்கட்டிலும் சுற்றிய தடம் ஆகியவை கீழே விழுந்ததால் வரக்கூடியவை அல்ல.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. முதியோரின் தோல் மெலிந்து போவதால், இதய நோய்க்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவருக்கு இலேசாகப் பிடித்தாலும் முன்கையில் கருஞ்சிவப்புத் திட்டுகள் வரும். நன்றாகக் கவனித்தும் இறுதி நோயில் படுக்கைப்புண் வருவதுண்டு. மறதி நோய் உள்ளவர், பணத்தை மகள் திருடிவிட்டாள் என்று காரணமின்றிச் சொல்வதும் உண்டு. எனவே ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளி என்று முடிவு கட்டுவதில்லை. பல அடையாளங்கள் சேர்ந்து வருகின்றனவா, சிகிச்சைக்கு அழைத்து வருவதில் காலதாமதம் இருந்ததா, காயம் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்களா, நோயாளியைத் தனியே பேசவிடாமல் ஒருவர் எப்போதும் அருகிலேயே நிற்கிறாரா என்பவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஒரு நோயாளியின் நிலை

பல நோயாளிகளிடம் கண்டவற்றைச் சேர்த்து, ஒரு தாயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த எழுபத்திரண்டு வயது விதவை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டை ஒரே மகனுக்குத் தான செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்தவர். இப்போது வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் இருக்கிறார். முதியோர் உதவித்தொகை வரும் வங்கி அட்டை மகனிடம் உள்ளது. இரத்தச் சர்க்கரை 400-க்கு மேல், இடுப்பில் படுக்கைப்புண், இரு கைகளிலும் கன்றல் என்ற நிலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் அவரை அழைத்து வருகிறார்.

நாங்கள் செய்யும் முதல் காரியம் சிகிச்சை. இரண்டாவது, உறவினரை வெளியே நிற்கச் சொல்லி அவருடன் தனியே பேசுவது. அடித்தார்களா என்று எடுத்தவுடன் கேட்பதில்லை. வீட்டில் யார் சோறு போடுகிறார்கள், மாத்திரை யார் எடுத்துத் தருகிறார்கள், பயமாக இருக்கிறதா என்று கேட்கிறோம். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே நோயாளிக் குறிப்பில் எழுதுகிறோம். காயத்தின் இடம், நீளம், நிறம் ஆகியவற்றையும் அளந்து எழுதுகிறோம்.

தாக்குதலால் வந்த காயம் என்று தெரிந்தால் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து, காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்புகிறோம். ஏ.ஆர். நகல் என்று மக்கள் சொல்வது இந்தப் பதிவின் படியைத்தான். ஆறு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது கன்றல் மறைந்திருக்கும், புண் ஆறியிருக்கும். அந்தப் பதிவு மட்டுமே நிற்கும். எனவே காயம் பட்டவுடன் மருத்துவமனைக்கு வருவது சிகிச்சைக்காக மட்டுமன்று, சாட்சிக்காகவும்தான்.

அந்தத் தாயிடம் காவல்துறைக்குச் சொல்லலாமா என்று கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: “அவன் செயிலுக்குப் போயிட்டா பேரப்புள்ளைகள யாருய்யா பாக்குறது?” இந்த அச்சமே பல முதியோரை வாய் மூட வைக்கிறது. காவல் நிலையத்தில் உண்மையில் நடப்பது என்ன என்பதை அறிந்தால் இந்த அச்சம் பெரிதும் குறையும்.

காவல் நிலையத்தில் நடப்பது

புகாரை எழுதித்தான் தர வேண்டும் என்பதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், காவல் அலுவலர் அதை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி, கைது செய்தற்குரிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மதுரையில் மகள் வீட்டிற்கு வந்துவிட்ட தாய், உசிலம்பட்டியில் நடந்த தாக்குதல் குறித்து இங்கேயே புகார் கொடுக்கலாம். அது உரிய நிலையத்திற்கு மாற்றப்படும்.

புகாரின் தன்மையைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். அடித்தல், அடைத்து வைத்தல், கொலை மிரட்டல் விடுத்தல், நகையையோ பணத்தையோ பறித்தல் போன்ற குற்றங்கள் புகாரில் வெளிப்பட்டால், அவற்றுள் கைது செய்தற்குரியவற்றுக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். புகார் விசாரணை அளவிலேயே இருந்தால் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சீட்டு தரப்படும். இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கையில் பெறாமல் நிலையத்தை விட்டு வரக்கூடாது. வாய்மொழியாகப் “போய் வாங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று அனுப்பிவிட்டால், மறுமுறை அடி விழும்போது முன்பு புகார் செய்ததற்குச் சான்று இராது.

சி.எஸ்.ஆர். நிலையில் காவல் அலுவலர் மகனை அழைத்து விசாரித்து, இனித் துன்புறுத்த மாட்டேன் என்று எழுதி வாங்குவது வழக்கம். பல குடும்பங்களில் அத்துடன் கைநீட்டுவது நின்றுவிடுகிறது. மகன் உடனே சிறைக்குச் செல்வதில்லை. ஆனால் இந்த எழுத்துறுதி நீதிமன்ற ஆணையன்று. அது மீறப்பட்டால் அதே சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது புகார் கொடுக்க வேண்டும். அப்போது இது தொடர்ந்து நடக்கும் கொடுமை என்பது தாளிலேயே தெரியும்.

புகாரை வாங்க மறுத்தால், அதன் சாரத்தை எழுதி அஞ்சலில் உயர் அலுவலருக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. மதுரை மாநகர எல்லையில் காவல் ஆணையர், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊரகப் பகுதிகளில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அஞ்சலில் அனுப்பியதற்கான சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளிகள் அறிய வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும், கடும் நோயுற்றவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் இருப்பிடத்தை விட்டு வேறிடத்திற்கு வருமாறு காவல்துறை கட்டாயப்படுத்த முடியாது. விசாரிப்பவரே வர வேண்டும். படுக்கையில் உள்ளவரின் வாக்குமூலத்தை வார்டிலேயே பதிவு செய்வதும் உண்டு. அச்சமயம் நோயாளி தெளிவான நினைவுடன் உள்ளாரா என்று மருத்துவர் சான்றளிப்பார்.

தனியே வாழும் முதியோருக்கு இன்னொரு பாதுகாப்பும் உள்ளது. மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் வாழும் மூத்த குடிமக்களின், சிறப்பாகத் தனியே வாழ்வோரின், பட்டியலை வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறையேனும் காவலர் ஒருவர் சமூகப் பணியாளருடனோ தன்னார்வலருடனோ சென்று பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் தானாகச் சேராது. நிலையத்திற்கு ஒரு கடிதம் கொடுத்துச் சேர்க்கச் சொல்வதே வழி. வீட்டோடு தங்கும் பணியாளரை அமர்த்தும்போது அவருடைய அடையாள ஆவணத்தின் நகலையும் புகைப்படத்தையும் பெற்று, காவல்துறை வழியாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைத் தள்ளிப்போடலாகாது.

சோறும் வீடும்: கோட்டாட்சியரிடம் மனு

காவல்துறையால் அடியை நிறுத்த முடியும். ஆனால் மாதந்தோறும் பணம் தருமாறு ஆணையிடவோ, எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற்றுத் தரவோ அதற்கு அதிகாரமில்லை. முதியோர் பலர் இந்த வேறுபாடு அறியாமல், காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று சொன்னவுடன் மனமுடைந்து திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் செல்ல வேண்டிய இடம் வேறு.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இயங்குகிறது. மதுரை மாவட்டத்தில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய கோட்டங்கள் உள்ளன. முதியவர் வசிக்கும் கோட்டத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. நடக்க இயலாதவர் வேறொருவருக்கு அதிகாரம் அளித்தும் மனு கொடுக்கலாம். பிள்ளையில்லாத முதியவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினர் மீது மனு கொடுக்கலாம்.

தீர்ப்பாயம் முதலில் சமரச அலுவலர் வழியாக உடன்பாட்டுக்கு முயலலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சென்ற 90 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். தனிக் காரணம் இருந்தால் மட்டும் மேலும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை இடைக்கால உதவி வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சட்டம் வகுத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆணைப்படி பணம் வராவிட்டால், அது தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் மீண்டும் மனு கொடுக்க வேண்டும். காலம் கடந்தால் அந்தத் தவணையை வசூலிக்க இயலாது. ஆணையில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது பிரிவு 23. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், இச்சட்டம் வந்த பிறகு எழுதிக் கொடுத்த பத்திரத்தை, பராமரிக்காதபோது செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 சனவரியில் உர்மிளா தீட்சித் வழக்கில், மகன் அதே நாளில் தனியே எழுதித் தந்த பராமரிப்பு உறுதிமொழியை நிபந்தனையாக ஏற்று, தாயின் சொத்தை அவருக்கே திரும்ப ஒப்படைக்க ஆணையிட்டது. முதியோர் நலச் சட்டத்தை அவர்களுக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. எனவே பத்திரம் எழுதும் நாளிலேயே, உணவு, மருந்து, இருப்பிடம் தந்து ஆயுள் முழுதும் பராமரிக்க வேண்டும் என்ற வரி அதில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. எழுதப்படாத வாக்கை நிரூபிப்பது கடினம்.

நம் எடுத்துக்காட்டில் வரும் தாய்க்கு இவ்விரு வழிகளும் தேவை. கைக்கன்றலுக்குக் காவல் நிலையத்தில் புகார். மாதத் தொகைக்கும், வீட்டினுள் வசிக்கும் உரிமைக்கும், பத்திரத்தை நீக்குவதற்கும் திருமங்கலம் கோட்டாட்சியரிடம் மனு. வங்கியில் புதிய அட்டைக்கும் புதிய இரகசிய எண்ணுக்கும் விண்ணப்பம். இவற்றை அவர் வார்டில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. வீடு திரும்பிய பின் அவருக்கு வெளியே வர வழியிருக்காது. மனுவுடன் மருத்துவமனைச் சீட்டு, ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர்., பத்திர நகல், வயதுச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

மருத்துவமனையில் விட்டுச் செல்வோர்

முதியவரைச் சேர்த்துவிட்டுத் தவறான கைபேசி எண் கொடுத்து மறைந்துவிடும் உறவினரும் உள்ளனர். பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர், முற்றிலும் கைவிடும் எண்ணத்துடன் மூத்த குடிமகனை ஓரிடத்தில் விட்டுச் செல்வது பிரிவு 24-இன்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நடுவரின் முன் ஆணையின்றியே காவல்துறை வழக்குப் பதியலாம். ஆனால் வீட்டிலேயே வைத்துச் சோறு போடாமல் இருப்பது இப்பிரிவில் எளிதாக அடங்காது. அதற்குக் கோட்டாட்சியரிடம் கொடுக்கும் மனுவே ஏற்ற வழி.

பராமரிப்போருக்கு ஒரு சொல். இரவும் பகலும் ஒருவரே கவனித்து, தூக்கமின்றி எரிச்சலில் கைநீட்டும் நிலைக்கு வந்தவர்களும் எங்களிடம் வருகிறார்கள். அந்த நிலை வரும் முன்பே மருத்துவரிடம் சொன்னால், இரவில் நோயாளி தூங்க வழி செய்யலாம், புரட்டவும் குளிப்பாட்டவும் கற்றுத் தரலாம், சில நாட்கள் வேறு உறவினர் பொறுப்பேற்க ஏற்பாடு பேசலாம்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112 அல்லது 100. யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான இலவச எண் 14567. இலவசச் சட்ட உதவிக்கு 15100. துன்புறுத்தப்படும் பெண்களுக்கு 181. பேசினால் வீட்டில் கேட்டுவிடும் என்ற அச்சம் உள்ளவர், அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது செவிலியரிடம் “டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்” என்று சொன்னால் போதும். உடன் வந்தவரை வெளியே அமர வைப்பது எங்கள் பொறுப்பு.